துணைக்கு ஒரு பெரியவர்

அன்று காலை அந்த மாடி வீட்டில் இருந்தவர்கள்: கொசு, ஒன்பது வயது முடிந்து ஒரு வாரம் ஆனவள். கொசுவின் அம்மா, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மாவின் அண்ணன், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், சனிக்கிழமை டீக்கு வந்தவர். கொசுவின் அப்பா, லிஃப்ட் மெக்கானிக், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றவர். கடைசி ஆளை இருந்தவர் கணக்கில் சேர்ப்பதா என்பதில் அந்த வீட்டில் இரண்டு கருத்து உண்டு.

கொசு என்பது பட்டப்பெயர்தான். காதுப்பக்கம் வந்து ஓயாமல் பேசுகிறாள் என்று மாமா வைத்தது. பள்ளிக்கூடத்துப் பெயரை வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் திட்டு விழப்போகிறது என்று அர்த்தம்.

அப்பாவும் அம்மாவும் தனித்தனி வீடு என்று ஆன பிறகு சனிக்கிழமை அப்பாவுடையது. ஆரம்பத்தில் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கையில் ஒரு பெட்டியோடு வருவார். ரிமோட் கார், பேசும் பொம்மை, டெலஸ்கோப், தையல் செட். கட்டில் அடியில் இடம் தீர்ந்தது. அலமாரி மேல் இடம் தீர்ந்தது. டெலஸ்கோப்பின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஒருநாள் அம்மா வாசலிலேயே பெட்டியை மறித்தாள். "இனிமே பொருள் வேண்டாம். எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, எதையாவது சேர்ந்து செய்யுங்க. அவளுக்கு ஞாபகத்துல நிக்கிற மாதிரி."

சொல்வது சுலபம். முதல் தடவை அப்பா கூட்டிப்போனது குதிரைச் சவாரிக்கு. குதிரை ஏற ஆசை அவருக்குத்தான். கொசு குதிரையின் பல்லைப் பார்த்து அழுதாள். அடுத்து டிரம்ஸ் வகுப்பு. ஒரு நாள் வாசித்துப் பார்க்காமலேயே முழுக் கோர்ஸில் சேர்த்துவிட்டார். அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வண்டியில் உட்கார்ந்து போன் பார்த்தார். இரண்டாவது வாரமே கொசுவுக்கு வயிற்றுவலி வந்தது. டிரம்ஸ் நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி.

இந்த முறை அப்பா தப்பு செய்யவில்லை. அவள் கதவு நிலையில் காலை ஊன்றி உச்சிவரை ஏறுவதைப் பார்த்தே முடிவு செய்தார். சுவர் ஏறும் கூடம். முன்னாடியே போய் விசாரித்தார். எத்தனை வயதிலிருந்து விடுவார்கள், அவள் அளவுக்கு இடுப்புப் பட்டை இருக்கிறதா, கூட்டம் இல்லாத நேரம் எது. முதலில் ஒருமுறை ஏறிப் பார்ப்பது, பிடித்தால் மட்டும் ஆறு வாரப் பயிற்சி. அவளையும் கேட்டார். கேட்டதற்கு அவள் சோபாவின் முதுகில் ஏறி நின்று பதில் சொன்னாள்.

பிறந்த நாளன்று பிரிப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று ஒரு சின்னப் பெட்டியில், சுவர் ஏறுபவர்கள் வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சாக்குக்கட்டித் துண்டு ஒன்றை வைத்துக் கட்டிக் கொடுத்தார். அவள் யோசித்து, யோசித்து, கண்டுபிடித்து, குதித்தாள். அம்மாகூட சிரித்தாள்.

அவர் சொல்லாமல் விட்டது வேறு விஷயம். வெளிநாட்டில் ஒரு பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. இரண்டு வருடம். பெரியவர்களுக்குத் தெரியும். கொசுவுக்குத் தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, டீ சாப்பிடறீங்களா?" என்றார் மாமா. தங்கை பிரிந்து வந்த பிறகும் அவருக்கு இவர் மாப்பிள்ளைதான். பழக்கம் விடவில்லை.

"இல்ல மச்சான். லேட்டாயிடும்."

"சுவர் எங்க ஓடிப் போயிடப் போகுது?"

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். குரலைத் தணித்தாள். "நகம் வெட்டியாச்சு. முடியை இறுக்கிப் பின்னியிருக்கேன். வயிறு முட்டச் சாப்பிட வைக்கல. சொல்லப் போறீங்கதானே?"

"சொல்றேன். ஏறி முடிச்சதும். எங்கயாவது உக்காந்து ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு."

"ஐஸ்கிரீம்ல தடவிக் குடுக்கப் போறீங்களா?"

"அவளுக்குக் கஷ்டம் தெரியக்கூடாதுன்னு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். இந்த ஆறு வாரம். அப்புறம் நீச்சல். லீவுல களிமண் வகுப்பு. அடுத்த வருஷத்துக்கும் யோசிச்சு வெச்சிருக்கேன். நான் இல்லைனு அவளுக்குத் தோணவே தோணாது."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊசி குத்துவதற்கு முன் நரம்பைத் தேடும் பார்வை அது.

"நான் கேட்டது நீங்க அவளோட இருக்கிறதை. கூட ஆள் இல்லாம அனுப்பி வெச்சா அதுக்குப் பேரு டியூஷன்."

"கூட மச்சான் போவார்."

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அது எப்போ முடிவாச்சு? எனக்கே இப்பத்தான் தெரியுது. நான் பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் மிதிக்கிறவன் மாப்பிள்ளை. அதுக்காக உங்க பிரேக்கையும் என் காலுக்குக் கீழ தள்ளிட்டா எப்படி?"

அதற்குள் கொசு ஓடி வந்துவிட்டாள். பேச்சு அறுந்தது.

"அப்பா, நீ ஏன் இன்னும் நிக்கற? கிளம்பு!"

---

கூடம் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ரப்பர் நாற்றமும் வியர்வை நாற்றமும். நான்கு பக்கமும் சுவர் கூரைவரை போனது. சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிகள். யாரோ பெரிய பெரிய சூயிங்கத்தை மென்று ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"ஒரே கலரைப் பிடிச்சிட்டே மேல போகணும்" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். குட்டை முடி, கை முழுக்க வெள்ளைப் பொடி. "மஞ்சள் சுலபம். நீலம் கொஞ்சம் கஷ்டம். சிவப்பு உனக்கு இன்னிக்கு வேண்டாம்."

"எனக்கு நீலம்" என்றாள் கொசு.

"முதல்ல மஞ்சள். அப்புறம் பேசலாம்."

வாடகை ஷூ விரல்களை நெருக்கியது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். இடுப்பில் பட்டை, இரண்டு தொடையிலும் வளையம். பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினாள். கயிற்றை எட்டு மாதிரி முடிந்து, அதே வழியில் திரும்பவும் ஓட்டிக் கட்டினாள். கயிறு கொசுவின் இடுப்பிலிருந்து மேலே போய், கூரைக்கம்பியைச் சுற்றிக் கீழே வந்து, அப்பாவின் இடுப்புப் பட்டையில் மாட்டிய ஒரு பிடிப்புக் கருவிக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"ஏறுறவங்க ஏற ஏற நீங்க தளர்ச்சியை இழுத்துக்கணும் சார். இந்த வலது கை கயித்தை விடவே கூடாது. மூக்கு அரிச்சாலும் கூடாது. போன் எடுக்கக் கூடாது, போட்டோ கூடாது."

"லிஃப்ட் மெக்கானிக் நான்" என்றார் அப்பா.

"அப்போ பாதி உங்களுக்கே தெரியும். ஆனா லிஃப்ட்டு பேசாது. இது பேசும்." கொசுவின் தலைக்கவசத்தைத் தட்டினாள். "ஏறுறதுக்கு முன்னாடி நீ கேக்கணும், பிடிச்சிருக்கீங்களான்னு. அவர் பிடிச்சிருக்கேன்னு சொன்னாத்தான் கால் தூக்கணும். இறங்கணும்னா ரெண்டு கையையும் சுவத்துலேர்ந்து எடுத்துட்டு, நாற்காலில உக்கார்ற மாதிரி பின்னால சாய்ஞ்சு, இறக்குன்னு சொல்லணும். நீ சொல்லாம அவர் இறக்கக் கூடாது. சரியா?"

"சரி." கொசு சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு கழுத்தைத் திருப்பினாள். "அப்பா, பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

மஞ்சளை அவள் விழுங்கினாள். கையால் தொங்காமல் காலால் உந்தி ஏறினாள். சொல்லிக் கொடுக்காமலேயே அது அவளுக்கு வந்தது. உச்சியில் இருந்த மணியை அடித்துவிட்டு "இறக்கு" என்று கத்தி, காலால் சுவரை உதைத்து உதைத்து இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தாள்.

"நீ சூப்பரா பிடிச்சப்பா."

அந்த வார்த்தையை அவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவரை யாரும் எதற்கும் பாராட்டிப் பல காலம் ஆகியிருந்தது.

"நல்ல ஜோடி" என்றாள் அந்தப் பெண். "சில பேரு கயித்தைக் குடுத்துட்டு மூலையில உக்காந்து தூங்குவாங்க."

நீலம். மறுபடி கேள்வி, மறுபடி பதில். கொசு ஏறினாள். பாதியில் கொஞ்சம் தடுமாறினாள். ஒரு பிடி தூரத்தில் இருந்தது. காலை மாற்றி வைத்து எட்டினாள். அப்பா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். கண் அவள் குதிகாலை விட்டு நகரவில்லை.

"சார், கோர்ஸ்ல சேத்துடலாமா? இவளுக்கு நல்லா வருது." அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேத்துடுங்க."

"ஒண்ணு கேக்கணும். குழந்தைங்களுக்குத் துணைக்கு ஒரு பெரியவர் வரணும். வாரா வாரம் ஒரே ஆளா வந்தா நல்லது. பிடிக்கிறவங்களும் பழகணும் இல்லையா? குழந்தைக்கும் அந்தக் கை பழகணும். நீங்கதானே வருவீங்க?"

அப்பா கயிற்றைப் பார்த்தபடி சொன்னார். "இல்ல. அவ மாமா வருவார்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது கிடங்கு. கீழே பேசுவது மேலே போய்த் தெளிவாகக் கேட்கும் இடம். லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டிப் பேசியே வயசான ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

குதிகால் நின்றது.

"மாமா எதுக்கு?" என்றாள் கொசு மேலிருந்து.

"நீ ஏறு. அப்புறம் சொல்றேன்."

"ஏன் மாமா வரணும்? நீ எங்க போற?"

பக்கத்துச் சுவரில் இரண்டு பையன்கள் ஏறுவதை நிறுத்திப் பார்த்தார்கள். பயிற்சிப் பெண் தன் ஷூவைப் பார்த்தாள். அப்பாவின் வலது கை கயிற்றில் இருந்தது. கை விடக்கூடாது. முகத்தைத் துடைக்கக்கூட முடியாது. அந்த நிலையில் ஒரு மனிதனுக்குப் பொய் எதுவும் உடனே வரவில்லை.

"அப்பா வேற நாட்டுக்குப் போறேன்டா. வேலைக்கு. ரெண்டு வருஷம்."

கொசு திரும்பவும் ஏற ஆரம்பித்தாள். இப்போது காலை உபயோகிக்கவில்லை. கைகளாலேயே இழுத்து, அவசரமாக, கண்ட கலரையும் பிடித்து மேலே போனாள். மணியை அடிக்கவில்லை. மணிக்குப் பக்கத்துப் பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"சூப்பர்! இப்ப கைய விட்டு உக்காரு" என்றாள் அந்தப் பெண்.

அவள் கையை விடவில்லை.

"கொசு, இறக்குன்னு சொல்லு. அப்பா இறக்கறேன்."

அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

"அவ சுவத்தைப் பிடிச்சிருக்கும்போது நீங்க தளர்த்தக் கூடாது சார். தளர்த்தினா, கை விட்டதும் அவ்வளவு தூரம் விழுவா. இறுக்கிப் பிடிச்சே நில்லுங்க. வேணும்னா பக்கத்துக் கயித்துல நான் மேல போய்க் கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம். பயந்துடுவா. பேசிப் பாக்கறேன்." அவர் தலையை நிமிர்த்தினார். "கண்ணா, நான் தினமும் போன் பண்ணுவேன். உனக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கேன். நீச்சல் இருக்கு. களிமண்..."

"நான் இறங்கினா நீ போயிடுவ" என்றாள் கொசு.

எங்கோ ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடியது.

"இன்னிக்கேவா போறேன்? வா, பேசலாம்."

"நான் இறங்க மாட்டேன்."

மனசு வைத்தால் ஒரு குழந்தை எத்தனை நேரம் வேண்டுமானாலும் அடம் பிடிக்கும். ஆனால் முன்கை அப்படி இல்லை. பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் எரியும், பிறகு மரத்துப் போகும், பிறகு விரல்கள் தானாகத் திறந்துகொள்ளும். கொசுவின் முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆட ஆரம்பித்தது. அவள் ஒரு கையை உதறிவிட்டுத் திரும்பப் பிடித்தாள். அடுத்த கையை உதறினாள். பிறகு உதறவும் முடியவில்லை.

சத்தமே போடாமல் விழுந்தாள்.

கயிறு கொஞ்சம் நீண்டு பிடித்துக்கொண்டது. அப்பாவின் இடுப்பு வெடுக்கென்று முன்னால் இழுபட்டது. கை அசையவில்லை. கொசு காற்றில் தொங்கி மெதுவாகச் சுழன்றாள். ஒருமுறை அவர் பக்கம் முகம் வந்தது. உடனே வேறு பக்கம் போனது.

"பிடிச்சிருக்கேன்" என்றார் அவர். இந்த முறை அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. "பிடிச்சிருக்கேன்டா. இறக்குன்னு சொல்லு."

சுழல்வது நின்றதும் அவள் சொன்னாள். "அக்கா, நீங்க இறக்குங்க."

பயிற்சிப் பெண் அப்பாவைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க. அவர் வேண்டாம்."

அவர் என்றாள். பிறந்ததிலிருந்து அவரை நீ, வா, போ என்றுதான் பேசியவள். அம்மா எத்தனை தடவை திருத்தியும் திருந்தாதவள்.

"இப்ப கருவியை என் பட்டைக்கு மாத்த முடியாது சார், அவ எடை அதுல இருக்கு" என்று அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள். "நீங்க நகராம நில்லுங்க. நான் பின்னால வந்து கயித்தைப் பிடிச்சுக்கறேன். நான் சொன்னதும் உங்க கையை எடுங்க."

அவள் பின்னால் வந்து கயிற்றைப் பற்றினாள். "பிடிச்சாச்சு. எடுங்க சார்."

எடுத்தார். விரல்கள் பிரிய நேரம் பிடித்தது.

கொசு இறங்கி வந்தாள். அவள் எடை முழுக்க அவர் இடுப்பில்தான் இருந்தது. விலா எலும்புவரை அவருக்கு அது தெரிந்தது. இறக்கியது வேறு கை.

---

ஐஸ்கிரீம் கடைப்பக்கம் வண்டி மெதுவாகப் போனது. "வேண்டாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வண்டி நிற்கவில்லை. வழக்கமாக அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு வருபவள், இன்று சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சிக்னலில் அவர் பாதி திரும்பினார். "உனக்காகத்தான்டா எல்லாம் யோசிச்சேன்."

"அடுத்த பிறந்த நாளுக்குப் பொம்மையே வாங்கி அனுப்புங்க" என்றாள் கொசு. "பொம்மைக்கு யாரும் கூட வர வேண்டாம்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் அது ஒரு யோசனை, அவ்வளவுதான். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. சிக்னல் பச்சை ஆகி எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். கொசுவின் முகத்தைப் பார்த்தாள். வழிவிட்டு நகர்ந்தாள். கொசு அவளைத் தாண்டி உள்ளே போய், மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மாமா செய்தித்தாளை மடித்துவிட்டு அவள் கைகளை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"என்ன கொசு, சுவரையே பேத்துட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. மாமா கையைத் திருப்பி வைத்தார்.

வாசலில் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள்.

"சொல்லிட்டீங்களா?"

"தானா வெளிய வந்துடுச்சு. அவ மேல இருக்கும்போது."

"மேல இருக்கும்போது." அம்மா திரும்பச் சொன்னாள். "என்னிக்குக் கிளம்பணும்?"

அப்பா கதவு நிலையைப் பார்த்தார். "இன்னும் சரின்னு சொல்லல. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்."

அம்மாவுக்கு இது புதிது. "முடிவாயிடுச்சுன்னு நீங்க சொன்னதா எனக்கு ஞாபகம்."

"முடிவான மாதிரிதான். அவ எப்படி எடுத்துக்கறான்னு பாத்துட்டு..."

"சொல்லிப் பாத்தீங்களா? ஒன்பது வயசுக் குழந்தைகிட்ட சொல்லிப் பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா போறது, அழுதா இருக்கிறதா? அப்போ இந்த முடிவை எடுக்கறது யாரு, நீங்களா, அவளா?"

அப்பா வண்டிச் சாவியை விரலில் மாட்டிக் கழற்றினார்.

"நான் உங்களைப் போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "அந்த உரிமையை நான் விட்டு நாளாச்சு. ஆனா போறதா இருந்தா, உங்க முடிவுன்னு சொல்லிட்டுப் போங்க. அவ தலையில வெச்சுட்டுப் போகாதீங்க."

உள்ளே மாமா எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடுத்த சனிக்கிழமை வகுப்பு இருக்கு" என்றார் அப்பா. "பேரு குடுத்துட்டேன்."

"யாரு பேரை?"

"அவ பேரை. துணைக்கு யாருன்னு... அது இன்னும் சொல்லல."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்பில் எதுவோ பொங்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஓடினாள்.

அப்பா வாசலில் தனியாக நின்றார். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தார். ஒரு காலைப் பாதி உருவியும்விட்டார்.

கொசு எழுந்து வந்தாள். உரிந்த கையை மற்றக் கைக்குள் வைத்திருந்தாள். கதவுப் பக்கம் வந்து நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொசு, நான் உள்ள வரட்டுமா?"

அவள் அதை நிஜமாகவே யோசித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பாதி கழன்ற செருப்பைப் பார்த்தாள்.

"நீங்க போறீங்களா, இல்லையா?"

அவர் வாயைத் திறந்தார். லிஃப்ட் ரிப்பேர் எப்போது முடியும் என்று கேட்பவர்களிடம் எந்தத் தயக்கமும் இல்லாமல் நேரம் சொல்பவர் அவர்.

"தெரியலடா" என்றார்.

கொசு தலையாட்டினாள். புரிந்தது என்பதுபோல. அவர் காலைத் திரும்பச் செருப்புக்குள் நுழைத்துப் பின்னால் ஒரு அடி வைக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு, அடிபட்ட கையை உபயோகிக்காமல், தோளால் தள்ளிக் கதவைச் சாத்தினாள். எட்டிப் பிடித்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். அது சரியாக விழவில்லை. மறுபடி இழுத்து, அழுத்தி, முழுசாகப் போட்டாள்.